வரிக்கு வரியா, குறிப்பா, துண்டு துண்டாகவா? டெமோ உள்ள லாஞ்ச் பேச்சுக்கு எந்த ஸ்கிரிப்ட்

புது மெஷினையோ ஆப்பையோ மேடையில் அறிமுகப்படுத்தப் போகிறவர்கள் கடைசியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இதுதான்: பேச்சை வரிக்கு வரி எழுதி டெலிபிராம்ப்டரில் ஓட்டிவிடலாமா, இல்லை நாலு குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏறிவிடலாமா? எழுதினால் டெமோ மக்கர் பண்ணும்போது என்ன செய்வது என்ற பயம், எழுதாவிட்டால் நேரம் எங்கே போய் நிற்கும் என்ற பயம். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, பேச்சைத் துண்டுகளாக எழுதி, எதை விடலாம் எதை விடக்கூடாது என்று முன்பே முடிவு செய்து வைப்பது. மூன்றையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்ப்போம்.

பேச்சு காற்றில் மிதக்காமல் இருக்க ஓர் உதாரணம். கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனம் மளிகைக் கடைகளுக்கான பில்லிங் மெஷினை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹோட்டல் ஹாலில் 200 டீலர்கள், பேச்சுக்கு 30 நிமிடம். நடுவில் டெமோ: பார்கோடு ஸ்கேன் செய்ய வேண்டும், ப்ளூடூத் பிரிண்டரில் பில் வர வேண்டும், திரையில் க்யூஆர் கோடு காட்டி ஒரு ரூபாய் யுபிஐ பேமெண்ட் விழ வேண்டும். கடைசியில் விலையும், எப்போது கடைக்கு வரும் என்பதும். இந்த மூன்று டெமோ வேலைகளில் கடைசி இரண்டும் முழுதாக உங்கள் கையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். யுபிஐ வங்கி சர்வரை நம்பியிருக்கிறது. ப்ளூடூத்தோ ஹாலில் இருக்கும் அத்தனை செல்போனும் வைஃபையும் நெரியும் அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. காலையில் காலி ஹாலில் ரிகர்சல் பார்த்தபோது சட்டென்று இணைந்த பிரிண்டர், 200 பேர் உட்கார்ந்த பிறகு தேடிக்கொண்டே நிற்பது இதனால்தான்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் நேரம், ஆனால் முடிகிற நேரம் மட்டும் அல்ல. விலை சொல்லும் கட்டம் எத்தனை மணிக்கு வருகிறது என்பதே முக்கியம். பேச்சு ரெண்டு நிமிடம் நீண்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், விலையை அவசரத்தில் விழுங்கிச் சொன்னால் அந்த நிகழ்ச்சியே வீண்.

அடுத்தது, டெமோ நின்றால் பேச்சும் கூடவே நின்றுவிடுகிறதா என்பது.

மூன்றாவது கூட்டத்தின் எதிர்வினை. சிரிப்பு, கைதட்டல், நடுவில் ஒரு டீலர் எழுந்து "பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சுக்கு எடுப்பீங்களா" என்று கேட்பது, இவை எல்லாம் நேரத்தைத் தின்னும். நீங்கள் கைதட்டலை எதிர்பார்த்து நிறுத்திய இடத்தில் ஒரு சத்தமும் வராமல் போவதும் எதிர்வினைதான், அதற்கும் ஸ்கிரிப்ட் தாங்க வேண்டும்.

நான்காவதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்: கன்சோலில் இருப்பவர். ஸ்லைடு, வீடியோ, லைட், மைக் எல்லாம் ஒரு ஆளோ ரெண்டு ஆளோ பின்னால் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். நீங்கள் மேடையில் எடுக்கும் முடிவு அவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியாகத் தயாரிப்புச் செலவு. பணம் மட்டும் இல்லை, பேசுகிறவரின் ரிகர்சல் நேரமும் சேர்த்து.

| | வரிக்கு வரி | குறிப்பு மட்டும் | துண்டு ஸ்கிரிப்ட் |
|---|---|---|---|
| விலைக் கட்டம் நேரத்துக்கு வருமா | டெமோ ஒழுங்காக ஓடினால் கச்சிதமாக வரும் | பேசுகிறவரைப் பொறுத்தது, பெரும்பாலும் தாமதம் | வரும், விட வேண்டியதை விட்டால் |
| டெமோ நின்றால் | பேச்சும் நிற்கும் | சமாளிக்கலாம், ஆனால் வளவள | எழுதி வைத்த வழி இருக்கிறது |
| கூட்டத்தின் எதிர்வினை | இடம் குறைவு | தாராளம் | சில இடங்களில் தாராளம் |
| கன்சோல் ஆளுக்கு | மிக எளிது | தலைவலி | பழகினால் எளிது |
| மறைவான செலவு | பிராம்ப்டர், ஆபரேட்டர், ஒவ்வொரு திருத்தமும் | தவறாகச் சொன்ன விலை, நீண்ட பேச்சு | கூடுதல் ரிகர்சல், ஸ்லைடு வேலை |

## வரிக்கு வரி எழுதுவது

இதன் பலம் கணக்கு. ஒரு பக்கத்தை உரக்கப் படித்து செல்போனில் நேரம் பார்த்தால் மொத்தப் பேச்சும் எவ்வளவு வரும் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்துக்கு நிமிடத்துக்கு 130 முதல் 150 வார்த்தை என்று ஒரு கணக்கு சொல்வார்கள், அதைத் தமிழுக்குப் போட்டுவிடாதீர்கள். நம் வார்த்தைகள் நீளம், "கொண்டுவந்திருக்கிறோம்" என்பது ஒரே வார்த்தை. உங்கள் குரலில் உங்கள் ஒரு பக்கம், அதுதான் கணக்கு.

கன்சோல் ஆளுக்கும் இது சொர்க்கம். எந்த வார்த்தையில் ஸ்லைடு மாற வேண்டும், எந்த வரியில் வீடியோ ஓட வேண்டும் என்று ஸ்கிரிப்டிலேயே குறித்துக் கொடுத்துவிடலாம்.

உடைவது எங்கே என்றால், எழுதியதிலிருந்து நீங்கள் விலகும் அந்த ஒரு நொடியில். 2014 ஜனவரியில் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் கண்காட்சியில் சாம்சங் வளைந்த டிவியை அறிமுகப்படுத்திய மேடைக்கு ஹாலிவுட் சினிமா இயக்குநர் மைக்கேல் பே வந்தார். ஆர்வத்தில் தனக்கு முன் இன்னொருவர் பேச வேண்டிய ஒரு வரியைத் தாண்டிவிட்டதாகவும், அதில் பிராம்ப்டர் தடம் மாறிவிட்டதாகவும் அவரே பிறகு எழுதினார். சொந்தமாக ரெண்டு வார்த்தை பேசிப் பார்த்தார், வரவில்லை, மன்னிப்புக் கேட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். அங்கே டிவி பழுதாகவில்லை. ஒரு வரி தாண்டியதுதான்.

இதையே நம் பில்லிங் மெஷின் மேடைக்குப் போட்டுப் பாருங்கள். பிராம்ப்டரில் "இதோ பில் வந்துவிட்டது" என்று வரி நிற்கிறது, பில் வரவில்லை. அந்த வரியைச் சொல்லவும் முடியாது, தாண்டவும் முடியாது. நீங்கள் ஏதோ பேசிச் சமாளிக்க ஆரம்பித்தால் ஆபரேட்டர் உருட்டுவதை நிறுத்துவாரா, உங்களுக்காகக் கீழே ஓட்டித் தேடுவாரா என்பது முன்பே பேசிவைக்காவிட்டால் அவருக்கே தெரியாது.

மறைவான செலவுகள் மூன்று. பிராம்ப்டர் வாடகையோடு ஆபரேட்டர் சம்பளம், அது தெரிந்ததுதான். ரெண்டாவது, தயாரிப்பு மாறும்போதெல்லாம் ஸ்கிரிப்டும் மாற வேண்டும், லாஞ்சுக்கு முந்தைய வாரம் பட்டன் பெயரிலிருந்து விலை வரை எல்லாம் மாறிக்கொண்டிருக்கும். மூன்றாவது தமிழுக்கே உரியது. நாம் எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. எழுத்து நடையில் ஸ்கிரிப்ட் எழுதி அதைப் படித்தால் டீலருக்கு முன்னால் செய்தி வாசிப்பது போல இருக்கும். அதனால் பிராம்ப்டருக்கு எழுதுவதைப் பேச்சுத் தமிழிலேயே எழுத வேண்டும், "பாருங்க, ஸ்கேன் பண்ணியாச்சு" என்று. கூடவே இன்னொன்று: பிராம்ப்டர் மென்பொருள் தமிழை ஒழுங்காகக் காட்டுகிறதா என்று முந்தின நாளே பாருங்கள். சிலவற்றில் ஒற்றைக்கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து தனித்தனியாக நிற்கும், மேடையில் அதைப் படிக்கவே முடியாது.

எப்போது இதுதான் சரி? நேரலையாக ஒளிபரப்பாகி, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கூடவே பேசப் போகிறார் என்றால். வக்கீல் ஒவ்வொரு வரியையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய பேச்சு என்றால். மேடைப் பழக்கம் இல்லாத முதலாளி பேசுகிறார், டெமோ முன்பே பதிவு செய்த வீடியோ என்றால். மேடையில் உயிருள்ள டெமோ எதுவும் இல்லை என்றால் வேறு வழியைத் தேடவே வேண்டாம், இதையே எடுங்கள். ஆப்பிள் 2020 ஜூன் டெவலப்பர் மாநாட்டிலிருந்து அறிமுகப் பேச்சையே முன்கூட்டிப் பதிவு செய்து ஓட்ட ஆரம்பித்தது இந்த வழியின் கடைசி எல்லை. அங்கே எதுவும் தாமதமாகாது, கைதட்டலுக்கு யாரும் காத்திருக்கவும் முடியாது.

## குறிப்பு மட்டும் வைத்துக்கொள்வது

பத்துப் பன்னிரண்டு வரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடு, மீதி உங்கள் வாய்ச் சாமர்த்தியம். தயாரிப்பைக் கட்டியவரே பேசினால் இது நன்றாகவே ஓடும். டெமோ நின்றாலும் அவருக்குப் பேச விஷயம் இருக்கும், யாராவது கேள்வி கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் வரும்.

ஒரு வரியில் சமாளித்ததற்கு உதாரணம் 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கம்ப்யூட்டர் கண்காட்சி. விண்டோஸ் 98 டெமோவில் ஸ்கேனரைச் செருகியதும் திரை நீலமாகி நின்றது. கூட்டம் சிரித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு பில் கேட்ஸ், இன்னும் இதை நாம் விற்கத் தொடங்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்றார். நல்ல சமாளிப்பு. ஆனால் சாஃப்ட்வேர் இன்னும் கடைக்கு வரவில்லை என்பதால்தான் அந்தப் பதில் எடுபட்டது. உங்கள் மெஷின் நாளைக்கே விற்பனைக்கு வருகிறது என்றால் இதே நகைச்சுவை உங்கள் தலையில் விடியும்.

குறிப்பை நம்பினால் நேரம் எங்கே கசியும் என்றால், பேசுகிறவருக்குப் பிடித்த இடத்தில். மெஷினைக் கட்டியவர் அதன் பிரிண்டர் ஹெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஒவ்வொரு ரிகர்சலும் ஒவ்வொரு நீளம். கன்சோல் ஆள் எப்போது வீடியோ ஓட்டுவது என்று தெரியாமல் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், நீங்கள் "இப்போ ஒரு வீடியோ பார்க்கலாம்" என்று சொன்ன பிறகுதான் அவர் கை நகரும், இடையில் கறுப்புத் திரை. இதைவிடப் பெரிய செலவு வாய் தவறிய ஒரு எண். விலையோடு ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதைச் சொல்லாமல் விட்டால் 200 டீலரும் 200 விதமாகக் கேட்டுக்கொண்டு போவார்கள், அடுத்த வாரம் முழுக்க போனில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அம்பது பேருக்குக் குறைவான கூட்டம், தனியாகக் கன்சோல் ஆள் இல்லை, லேப்டாப்பை நீங்களே தட்டுகிறீர்கள், நடுவில் கேள்வி வருவதையே விரும்புகிறீர்கள் என்றால் இதை எடுங்கள். விலை வரியையும் தேதி வரியையும் மட்டும் ஒரு அட்டையில் முழுதாக எழுதி வைத்துக்கொண்டு, அந்த இடம் வந்ததும் வெட்கப்படாமல் பார்த்துப் படியுங்கள்.

## துண்டு துண்டாக எழுதுவது

என் கட்சி இதுதான், உயிருள்ள டெமோவும் நூறு பேருக்கு மேல் கூட்டமும் இருக்கிற இடத்தில். பேச்சைக் கட்டாயத் துண்டு, விடக்கூடிய துண்டு என்று ரெண்டாகப் பிரித்து எழுதுவது. தாமதத்தைத் தாங்கப் பஃபர் என்றதும் பலரும் கடைசியில் ஐந்து நிமிடம் காலியாக விட்டு வைக்கிறார்கள். காலி நேரம் உங்களைக் காப்பாற்றாது, டெமோ நீண்டால் அது தானாகக் கரைந்துவிடும், டெமோ ஒழுங்காக ஓடினால் நீங்கள் சீக்கிரம் முடித்துவிட்டு முழித்துக்கொண்டு நிற்பீர்கள். கையிருப்பு நேரம் என்பது பேச விஷயம் உள்ள, ஆனால் விட்டாலும் யாருக்கும் தெரியாத துண்டாக இருக்க வேண்டும்.

அந்தத் துண்டுகளை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். டெமோவுக்குப் பின்னால், விலைக்கு முன்னால். டெமோவுக்கு முன்னால் வைத்தால், டெமோ எப்படிப் போகும் என்று தெரிவதற்குள் கையிருப்பைச் செலவழித்துவிடுகிறீர்கள். விலைக்குப் பின்னால் வைத்தால் கேட்க ஆள் இருக்காது, விலை காதில் விழுந்ததும் டீலர்கள் பக்கத்து ஆளோடு கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

நம் பில்லிங் மெஷினுக்கு இப்படி வரும்:

| தொடங்கும் நேரம் | துண்டு | நீளம் | வகை |
|---|---|---|---|
| 0:00 | வணக்கமும் தொடக்கமும் | 2 நிமிடம் | கட்டாயம் |
| 2:00 | கடையில் பில் போடும் கஷ்டம் | 4 | கட்டாயம் |
| 6:00 | மெஷினைக் கையில் எடுத்துக் காட்டுதல் | 3 | கட்டாயம் |
| 9:00 | டெமோ | 6 | கட்டாயம் |
| 15:00 | பிரிண்டரைத் தேர்ந்தெடுத்த கதை | 2 | விடலாம் |
| 17:00 | ஒரு கடைக்காரரின் வீடியோ | 3 | விடலாம், ஒன்றரை நிமிடச் சிறு வடிவமும் உண்டு |
| 20:00 | சர்வீஸ், டீலர் ஏற்பாடு | 4 | 2 நிமிடமாகச் சுருக்கலாம் |
| 24:00 | விலை, தேதி | 3 | கட்டாயம் |
| 27:00 | முடிவு | 1 | கட்டாயம் |

மொத்தம் 28. மீதி 2 நிமிடம் சிரிப்புக்கும் கைதட்டலுக்கும், அதைத் தனித் துண்டாக எழுதவில்லை. டெமோவுக்கு 6 நிமிடம் போட்டது சராசரியை வைத்து அல்ல. ரிகர்சலில் எதுவும் பழுதாகாமல் ஓடியதிலேயே மிக மெதுவாக ஓடியது எதுவோ அந்த நேரம்.

இப்போது தாமதம் வரட்டும். பத்தாவது நிமிடத்தில் பிரிண்டர் இணையவில்லை. சற்று நேரம் பேசிச் சமாளிக்கிறீர்கள், வரவில்லை, மேசையில் தயாராக இருக்கும் ரெண்டாவது செட்டுக்கு மாறி டெமோவைத் திரும்பத் தொடங்குகிறீர்கள். முடியும்போது பேச்சு தொடங்கி 18:30 ஆகிவிட்டது. மூன்றரை நிமிடம் தாமதம். பிரிண்டர் கதையை விட்டால் 2 நிமிடம் மிச்சம், கடைக்காரர் வீடியோவின் சிறு வடிவத்தை ஓட்டினால் ஒன்றரை. 18:30-க்கு வீடியோ தொடங்கி 20:00-க்கு முடிகிறது, சர்வீஸ் துண்டு அட்டவணைப்படியே ஆரம்பம். விலைக்கு நேரம் மாறவே இல்லை, 24:00. கூட்டத்தில் யாருக்கும் ஒன்று விடுபட்டது தெரியாது.

விடக்கூடியதை எல்லாம் விட்டு, சர்வீஸ் துண்டையும் சுருக்கினால் இந்தப் பேச்சின் குறைந்தபட்ச நீளம் 21 நிமிடம். டெமோவுக்குப் பதில் 2 நிமிடப் பதிவு வீடியோ ஓட்டினால் 17. இந்த ரெண்டு எண்ணும் பேசுகிறவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர் நிகழ்ச்சிகளில் தாமதம் பாதி நேரம் டெமோவிலிருந்து வருவதில்லை. சிறப்பு விருந்தினர் டிராஃபிக்கில் மாட்டியிருப்பார், குத்துவிளக்கு ஏற்றவே கால் மணி ஆகும், பொன்னாடை வேறு. கடைசியில் ஒருங்கிணைப்பாளர் வந்து "சார், இருபது நிமிஷத்துல முடிச்சுடுங்க" என்பார். முழு ஸ்கிரிப்ட்காரர் வேகமாகப் படிப்பார். குறிப்புக்காரர் தலையாட்டிவிட்டு முப்பது நிமிடமே பேசுவார். நீங்கள் 21-ஐச் சொல்லி ஒரு நிமிடம் கூடக் கேட்டு வாங்கலாம், இல்லையென்றால் டெமோவை வீடியோவுக்கு மாற்றலாம்.

### டெமோ நின்றால் என்ன பேசுவது

இந்த இடத்துக்குத் தனியாக எழுத வேண்டும். இரண்டு நிபந்தனை: திரை இல்லாமல் பேசக்கூடியதாக இருக்க வேண்டும், எந்த வாக்கியத்தின் முடிவிலும் நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். "இதற்கு மூன்று காரணம்" என்று ஆரம்பித்துவிட்டு, முதல் காரணத்தில் பிரிண்டர் கிடைத்துவிட்டால் மீதி ரெண்டையும் சொல்லி முடிக்கும்வரை டெமோ காத்திருக்கும். அதனால் எண்ணிக்கை வேண்டாம், புதிர் வேண்டாம், நீளமான கதையும் வேண்டாம்.

2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐபோனை அறிமுகப்படுத்தும்போது ஸ்டீவ் ஜாப்ஸின் கிளிக்கர் வேலை செய்யவில்லை. பின்னால் ஆட்கள் சரிசெய்துகொண்டிருக்க, அவர், தன்னோடு சேர்ந்து ஆப்பிளைத் தொடங்கிய வோஸ்னியாக் இளவயதில் டிவி சிக்னலைக் குழப்பும் ஒரு கருவியைச் செய்து மாணவர்களை அலைக்கழித்த கதையைச் சொன்னார். ஸ்லைடு தேவைப்படாத கதை, எங்கே முடித்தாலும் சிரிப்பு. முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பிவிட்டார்.

ஸ்கிரிப்டில் அந்தப் பக்கம் இப்படி இருக்கலாம்:

> டெமோ, படி 2: பில் பிரிண்ட்
> சொல்: "பிரிண்ட் கொடுக்கிறேன்." (பட்டனை அழுத்து. *வருகிறது* என்று சொல்லாதே.)
> பில் வந்தால்: கிழித்து முன்வரிசையில் ஒருவரிடம் கொடு. படி 3.
> 10 நொடியில் வராவிட்டால்: "ரோல் மாத்தறதுக்கு மூடியைத் திறந்தா போதும், ஸ்க்ரூ கிடையாது." (திறந்து காட்டு.) "கடையில பையன்கூட மாத்திடுவான்." "சாதாரண தெர்மல் ரோல்தான், எங்ககிட்டதான் வாங்கணும்னு இல்ல."
> 40 நொடியில் வராவிட்டால்: "இன்னொரு மெஷின்ல காட்டறேன்." (ரெண்டாவது செட், கேபிளில்.)
> அதுவும் இல்லையென்றால்: "இதை வீடியோவில பார்த்துடலாம்." (கன்சோல்: டெமோ வீடியோ.)

மூன்று விஷயம் கவனியுங்கள். அந்தச் சமாளிப்பு வரிகள் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும், ஒவ்வொன்றும் விற்பனைக்கே உதவும். "வருகிறது" என்று முன்கூட்டிச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் வராதது கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். ரெண்டாவது செட் ப்ளூடூத்தில் இல்லை, கேபிளில் இருக்கிறது. முதலாவது எதனால் நின்றதோ அதே காரணத்தால் ரெண்டாவதும் நின்றால் அது பேக்கப்பே இல்லை.

2017 செப்டம்பர் 12 அன்று ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகி ஐபோன் எக்ஸை முகம் காட்டித் திறக்கப் போனபோது அது பாஸ்கோடு கேட்டது. ஒருமுறை திரும்ப முயன்றுவிட்டு, பேக்கப்புக்குப் போகலாம் என்று சொல்லி மேசையில் இருந்த அடுத்த போனை எடுத்தார், அது திறந்தது. சில நொடி வேலை. எப்போது மாறுவது என்ற கேள்வியை மேடையில் யோசிக்கக்கூடாது. மேலே 40 நொடி என்று எண்ணாகவே எழுதி வைத்திருப்பது அதற்குத்தான். அந்த எண் உங்கள் பொருளைப் பொறுத்து மாறும். பிரிண்டருக்கு 40, யுபிஐக்கு இன்னும் கொஞ்சம் விடலாம், பேமெண்ட் தாமதம் எல்லாருக்கும் பழக்கம் என்பதால் கூட்டம் பொறுத்துக்கொள்ளும்.

பழுதைச் சரிசெய்வது பேசுகிறவர் வேலை இல்லை என்பதையும் எழுதி வையுங்கள். குனிந்து செட்டிங்ஸ் தேடிக்கொண்டே பேச யாராலும் முடியாது. ஓரத்தில் நிற்கும் இன்னொருவர் வந்து பார்க்கட்டும்.

டெமோவை அங்கேயே மீட்க முடியாவிட்டால் பிறகு திரும்ப வருவதும் ஒரு வழி. 2010 ஜூனில் ஐபோன் 4 அறிமுகத்தில் வைஃபை சொதப்பியபோது ஜாப்ஸ் வேறு விஷயங்களுக்குப் போய்விட்டார். பிறகு வந்து, ஹாலுக்குள் 570 வைஃபை நிலையங்கள் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, எல்லாரையும் அணைத்துவிட்டு லேப்டாப்பைத் தரையில் வைக்கச் சொன்னார். நான் இதைச் சின்ன நிறுவனங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். டீலர்களிடம் செல்போனை அணைக்கச் சொன்னால் பாதிப் பேர் வெளியே போய்ப் பேசிவிட்டு வருவார்கள்.

### சிரிப்பும் கைதட்டலும்

எதிர்வினை வரக்கூடிய இடத்தில் "கைதட்டலுக்கு நிறுத்து" என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டு கிளையாக எழுதுங்கள்: வந்தால் அடங்கும்வரை நில், வராவிட்டால் மூச்சு விடாமல் அடுத்த வரிக்குப் போ. அடுத்த வரி சத்தத்தில் அமுங்கினாலும் நஷ்டம் இல்லாத வரியாக இருக்கட்டும். விலையைச் சொன்னதும் "ஜிஎஸ்டி தனி" என்று தொடர்ந்தால் அது கைதட்டலில் காணாமல் போகும். ஜிஎஸ்டியை விலைக்கு முன்னால் சொல்லுங்கள், விலைக்குப் பின் "ஸ்கிரீன்ல இருக்கு பாருங்க" போதும்.

நடுவில் எழும் கேள்விக்கு ஒரே ஒரு வரி தயாராக இருந்தால் போதும்: "எக்ஸ்சேஞ்ச் இருக்கா இல்லையான்னு விலை சொல்லும்போது சொல்றேன்ணே." இப்படிச் சொன்னால் அந்த விலைத் துண்டில் எக்ஸ்சேஞ்ச் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும், அதை மறந்தால் அந்த அண்ணன் திரும்பவும் எழுவார்.

### இதன் மறைவான செலவு

முதலில் எழுத்து வேலை. எந்தத் துண்டை உருவினாலும் மீதி ஒட்ட வேண்டும் என்றால், விடக்கூடிய துண்டில் சொன்னதை வேறெங்கும் தொடக்கூடாது. "நான் கொஞ்ச நேரம் முன்னாடி சொன்ன அந்த பிரிண்டர் கதை மாதிரி" என்று சர்வீஸ் துண்டில் ஒரு வரி ஒளிந்திருக்கும், கதையை விட்ட நாளில் அது காட்டிக்கொடுக்கும். ஒருமுறை விடக்கூடியதை எல்லாம் நீக்கிவிட்டு முழு ஸ்கிரிப்டையும் படித்தால் இப்படிப்பட்டவை தானாகவே தட்டுப்படும்.

அப்புறம் ஸ்லைடு. கையில் இருக்கும் கிளிக்கரால் ஐந்து ஸ்லைடைத் தாண்டினால் ஐந்தும் திரையில் பளிச் பளிச்சென்று ஓடும், அப்போதுதான் எல்லாருக்கும் தெரியும். பவர்பாயிண்டில் ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேரே அங்கே போய்விடும், அதைக் கன்சோலில் இருப்பவர் செய்ய வேண்டும். ஒவ்வொரு துண்டும் எந்த எண்ணில் ஆரம்பிக்கிறது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர் முன்னால் ஒட்டுங்கள். கடைசி நிமிடத்தில் ஒரு ஸ்லைடைச் சேர்த்தால் அந்தத் தாளும் மாற வேண்டும், இதைத் தவறவிட்டால் விலைக்குப் பதில் வேறு ஏதோ வந்து நிற்கும்.

உங்கள் முடிவு அவருக்குத் தெரிய, பேச்சிலேயே அடையாள வரி வையுங்கள். "ஒரு கடைக்குள்ள போய்ப் பார்ப்போம்" என்றால் முழு வீடியோ, "ஒரு கடைக்காரர் என்ன சொல்றாரு பாருங்க" என்றால் சிறு வடிவம். கூட்டத்துக்கு ரெண்டும் சாதாரண வாக்கியம். மாறாக, துண்டை விடச் சொல்லும் முடிவை மேடைக்கு முன் இருக்கும் சின்னத் திரையில் அவர் எழுதிக் காட்டினாலும் சரி. யார் முடிவெடுப்பது என்பது மட்டும் ஒருவராக இருக்கட்டும்.

ரிகர்சலும் கூடும். எல்லாம் ஒழுங்காக ஓடுவது ஒன்று, டெமோ பாதியில் நின்று ரெண்டாவது செட்டுக்கு மாறுவது ஒன்று, டெமோவே இல்லாமல் வீடியோவில் முடிப்பது ஒன்று. குறைந்தது இந்த மூன்றையும் கன்சோல் ஆளை வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அதற்கு முதலாளி நேரம் ஒதுக்க மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் இந்த வழியை எடுக்காதீர்கள். பழகாத துண்டு ஸ்கிரிப்ட் மேடையில் குறிப்பை விடவும் மோசமாகப் போகும், பேசுகிறவர் எந்தத் துண்டில் இருக்கிறோம் என்றே தடுமாறுவார். அப்போது டெமோவைப் பதிவு செய்து வீடியோவாக்கி, பேச்சை வரிக்கு வரி எழுதிவிடுங்கள்.

## கலந்து எடுக்கலாமா

எடுக்கலாம், பெரும்பாலான நல்ல லாஞ்ச் பேச்சுகளில் உள்ளே பார்த்தால் கலவைதான் இருக்கும். கட்டமைப்பு துண்டு ஸ்கிரிப்ட். அதற்குள் முதல் ஒரு நிமிடமும் விலைத் துண்டும் வரிக்கு வரி, பிராம்ப்டர் இல்லாவிட்டால் மனப்பாடம். டெமோ கிளைகளாக, மேலே காட்டியதுபோல. பிரிண்டர் கதை போன்ற விடக்கூடிய துண்டுகள் வெறும் குறிப்பு, ஏனென்றால் அங்கேதான் கூட்டத்தைப் பார்த்து நீட்டவும் குறைக்கவும் உங்களுக்குச் சுதந்திரம் வேண்டும்.

இரண்டு பேர் மேடையில் பேசுகிறார்கள், ஒருவர் பேச இன்னொருவர் டெமோ ஓட்டுகிறார் என்றால் ஒரு திருத்தம்: சமாளிப்பு வரிகள் பேசுகிறவரிடம், மாறும் முடிவு டெமோ ஓட்டுகிறவரிடம். மெஷின் வருமா வராதா என்று கையில் பிடித்திருப்பவருக்குத்தான் தெரியும். அவர் "இன்னொரு மெஷின்ல காட்டறேன்" என்று சொன்ன மறுநொடி பேசுகிறவர் சமாளிப்பை நிறுத்திவிட வேண்டும், எந்த வாக்கியத்தில் இருந்தாலும்.